தெரிந்தே எடுக்கும் வயது

(மருதனார்மடத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

யாழ்ப்பாணத்தில் போதை பற்றிப் பேச்செடுத்தால் அது நேரே கடற்கரைக்குப் போய்விடும். கேரள கஞ்சா எந்தக் கரையில் இறங்கியது, எத்தனை கிலோ பிடிபட்டது, ஹெரோயினும் ஐஸும் எந்த வழியால் வந்தன என்று பேச்சு நீளும். கடத்தல் பெரிய விடயம்தான். ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பெடியன் முதன்முதலாக வாயில் போடுவது அனேகமாகக் கடல் கடந்து வந்த பொருளல்ல. சீவல் பாக்கு, புகையிலைத் தூள், சுண்ணாம்பு ஆகியவற்றைக் குழைத்து, சின்னப் பொலித்தீனில் சுற்றி, பள்ளிக்கூடத்துக்கும் ரியூசனுக்கும் இடைப்பட்ட தெருவில் கைமாறுகிற மாவா அது. பாடசாலைகளுக்குப் பக்கத்தில் மாவா விற்றவர்கள் கைதானார்கள் என்ற செய்தி யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருவதால், வாசகர்கள் அதை நின்று வாசிப்பதுமில்லை.

புகையிலை இந்த மண்ணுக்குப் புதிதுமல்ல. மருதனார்மடத்தைச் சுற்றி இணுவில், உடுவில், சுன்னாகம் என்று விரியும் செம்மண் தோட்டங்கள் தலைமுறைகளாகப் புகையிலை விளைத்தவை. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. சுருட்டுக் கொட்டில்கள் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டன. திண்ணையில் சுருட்டோடு இருந்த அப்புவையும் வாயில் பாக்கோடு நிற்கும் பேரனையும் பார்த்து, “அந்தக் காலத்திலயும் இருந்ததுதானே” என்று சிலர் தள்ளிவிடுவதற்கு இதுவே காரணம். இருவருக்கும் பொருள் ஒன்றுதான், நிக்கொட்டின். வேறுபாடு தொடங்கும் வயதில் இருக்கிறது. அப்புவும் பதின்மூன்றில் தொடங்கியிருந்தால் அவருடைய மூளையும் இதே பாட்டைப் பட்டிருக்கும். அன்று அதை அளந்து பார்க்க எவரிடமும் கருவி இருக்கவில்லை.

இந்தச் சொற்பொழிவு பிடித்துக்கொள்ள விரும்பும் கேள்வி ஒன்றே. அந்தப் பெடியனுக்கு இது கூடாது என்று தெரியும். வாய்ப் புற்றுநோயின் படத்தை அவன் விஞ்ஞானப் புத்தகத்திலும் ஆஸ்பத்திரிச் சுவரிலும் பார்த்திருக்கிறான். பேச்சுப் போட்டியில் போதைக்கு எதிராகப் பேசிப் பரிசும் வாங்கியிருக்கக்கூடும். பிறகு ஏன்?

விளக்கம் போதவில்லை என்பதுதான் வழக்கமான பதில். ஆகவே இன்னொரு கருத்தரங்கு, இன்னொரு துண்டுப்பிரசுரம். ஆராய்ச்சி இந்தப் பதிலோடு ஒத்துப்போகவில்லை. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பேர்க்கும் அவரது குழுவினரும் இந்தியா, சீனா, கென்யா, ஜோர்தான், சுவீடன் உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரையான 5000க்கும் மேற்பட்டோரைச் சோதித்தார்கள். அமைதியான அறையில், யோசிக்க நேரம் கொடுத்து, நினைவாற்றலையும் தர்க்கத்தையும் அளந்தபோது, 16 வயதளவிலேயே பிள்ளைகள் பெரியவர்களின் மட்டத்துக்கு வந்துவிடுவது தெரிந்தது. க.பொ.த. சாதாரண தரம் எழுதும் பிள்ளை நன்மை தீமையை நிறுத்துப் பார்க்கத் தெரியாத பிள்ளையல்ல. அபாயத்தைக் குறைத்து மதிக்கிறவனுமல்ல. சில ஆய்வுகளில் பதின்ம வயதினர் அபாயத்தை உள்ளதைவிடக் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த அமைதியான அறையைவிட்டு வெளியே வந்ததும்தான் கணக்கு மாறுகிறது.

மாற்றுவது எது என்பதைக் காட்ட ஒரு வாகன விளையாட்டு உதவியது. 2005இல் மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பேர்க்கும் 306 பேரைக் கணினித் திரையின் முன் இருத்தினார்கள். 13 முதல் 16 வயதினர் ஒரு தொகுதி, 18 முதல் 22 வயதினர் ஒரு தொகுதி, 24க்கு மேற்பட்டோர் ஒரு தொகுதி. திரையில் ஒரு கார் ஓடும். சமிக்ஞை விளக்கு மஞ்சளாகும். அதற்குப் பிறகும் ஓட்டினால் புள்ளி கூடும். ஆனால் எந்தக் கணத்திலும் சிவப்பு விழலாம், விழுந்தால் மோதல், சேர்த்த புள்ளியெல்லாம் போகும். தனியே விளையாடியபோது மூன்று தொகுதியினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டு சகபாடிகளைப் பக்கத்தில் இருத்திப் பார்க்கவைத்தபோது வயதில் கூடியவர்கள் முன்போலவே ஓட்டினார்கள். பதின்ம வயதினரோ ஆபத்தை மிகவும் கூட்டிக்கொண்டார்கள். இடைப்பட்ட தொகுதி இடையில் நின்றது.

ஆறு ஆண்டு கழித்து, பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜேசன் செய்னும் மற்றவர்களும் இதே மாதிரியான விளையாட்டை மூளை ஸ்கேன் கருவிக்குள் கொண்டுபோனார்கள். இருபது சந்திகளைக் கடந்து விரைவாகப் போய்ச் சேர வேண்டும். மஞ்சளுக்கு நின்றால் கொஞ்ச நேரம் வீணாகும், நிற்காமல் மோதினால் அதைவிடக் கூட வீணாகும். பங்கேற்றவர்கள் தங்கள் நண்பர்களையே கூட்டிவந்தார்கள். நண்பர்கள் பக்கத்தில் நிற்கவில்லை, தோளில் தட்டவில்லை, “ஓடு மச்சான்” என்று உசுப்பவுமில்லை. வேறு அறையில் இருந்து திரையைப் பார்க்கிறார்கள் என்று சொல்லப்பட்டது, அவ்வளவுதான். 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளின் மூளையில் இன்பத்தையும் ஆதாயத்தையும் எடைபோடும் உட்பகுதி அப்போது தனியே இருந்ததைவிடக் கூடுதலாக வேலை செய்தது. மஞ்சளில் நிற்காமல் போவதும் கூடியது. பெரியவர்களில் அப்படி நடக்கவில்லை. 40 பேரைக்கொண்ட சிறிய ஆய்வு இது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். ஆனாலும் நடத்தையில் கண்ட அதே போக்கு மூளைக்குள்ளும் தெரிந்தது.

கூடாத சிநேகம் என்று வீடுகளில் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ஆய்வுக்கு வந்த நண்பர்கள் கெட்ட பிள்ளைகளாகத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். பார்க்கப்படுகிறேன் என்ற உணர்வே அந்த வயதில் ஆதாயத்தின் விலையைக் கூட்டிவிடுகிறது. தன் பிள்ளை நல்லவன், அவனுடைய கூட்டாளியும் நல்லவன், ஆகவே பயமில்லை என்ற கணக்கு அதனால் பிழைக்கிறது.

மூளைக்குள் நடப்பதை மிகச் சுருக்கமாகச் சொன்னால் இரண்டு பகுதிகள் இரண்டு நேர அட்டவணையில் வளர்கின்றன. மூளையின் ஆழத்தில், ஆதாயத்தைக் கண்டு டோபமைன் என்ற வேதிப்பொருளால் துள்ளும் பகுதி, பூப்படையும் காலத்தின் ஹோர்மோன் மாற்றங்களோடு கூர்மையாகிவிடுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்னுதல் புறணி, அதாவது பொறு, யோசி, பிறகு செய் என்று தடுக்கும் பகுதி, ஆறுதலாகவே முற்றுகிறது. 1999இல் ஜே கீட் குழுவினர் ஒரே பிள்ளைகளை ஆண்டுகள் விட்டு விட்டு ஸ்கேன் செய்து பார்த்ததை வெளியிட்டார்கள். மூளையின் முன்பகுதியில் சாம்பல் நிறப் பொருள் 11, 12 வயதளவில் உச்சத்தைத் தொட்டு, அதன் பிறகு குறையத் தொடங்கியது. குறைவது சேதமல்ல. பாவிக்கப்படாத நரம்பிணைப்புகள் கழிக்கப்படுகின்றன. பாவிக்கப்படுபவை மேலுறை பெற்று வேகம் பெறுகின்றன. எது நிற்கும், எது கழியும் என்பதை அந்த ஆண்டுகளில் பிள்ளை திரும்பத் திரும்பச் செய்வதே பெருமளவு தீர்மானிக்கிறது.

மேற்சொன்ன 11 நாட்டு ஆய்வில் புதுமையையும் பரபரப்பையும் தேடும் நாட்டம் ஏறி ஏறி 19 வயதளவில் உச்சம் கண்டு இறங்கியது. தன்னைத் தானே அடக்கும் திறன் இருபதுகளின் நடுப்பகுதி வரை ஏறிக்கொண்டே இருந்து பிறகு சமன்பட்டது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் கிடக்கும் ஆண்டுகளே கவனத்துக்குரியவை. இங்கே ஒரு குறிப்பு. “25 வயதில் மூளை முற்றுகிறது” என்று இப்போது முகநூலில் எல்லாரும் எழுதுகிறார்கள். 25ஆம் பிறந்தநாளில் எந்தக் கதவும் மூடப்படுவதில்லை. பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு பெரிது, வளர்ச்சியும் படிப்படியானது; அந்த எண் ஒரு சராசரியின் சாயல் மட்டுமே.

இதைக் குறைபாடு என்று மட்டும் பார்ப்பது பாதி உண்மை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கும் இருபது கடந்தவர்களுக்கும் ஒரே விளையாட்டைக் கொடுத்தார்கள். ஒரு வண்ணத்துப்பூச்சி எந்தப் பூவை விரும்பும் என்று ஊகிக்க வேண்டும்; சரி, பிழை என்ற பதிலைக் கொண்டே கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பெரியவர்களை வென்றார்கள். கிடைத்த பதிலில் இருந்து பாடம் எடுக்கும் வேகம் அந்த வயதில் கூடுதல். வீட்டைவிட்டு வெளியே போய், தெரியாத இடத்தில் உணவும் துணையும் தேட வேண்டிய உயிருக்கு இந்தத் துணிவும் வேகமும் இல்லாமல் முடியாது. எலிகளிலும் இளம் பருவத்தில் புதிய இடத்தை ஆராயும் நாட்டம் கூடுகிறது. மருதனார்மடத்தின் இராமநாதன் நுண்கலைப் பீடத்தில் மிருதங்கமும் நடனமும் பயில வரும் பிள்ளைகளில் பலர் கையையும் காலையும் பழக்கிக்கொண்டதும் இதே பருவத்தில்தான்.

மூளையைக் கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிடவும் கூடாது. எண்பதுகளில் பதினைந்து, பதினாறு வயதில் இயக்கங்களுக்குப் போன பெடியங்களைப் பற்றி யாராவது டோபமைன் கதை சொன்னால், அது 1983ஐயும் தரப்படுத்தலையும் மண்டையோட்டுக்குள் ஒளித்துவைப்பதாகும். வேலையின்மை, பிரிந்த குடும்பங்கள், போரில் பெற்றோர் பட்ட காயம் எல்லாம் இன்றைய போதைக்குப் பின்னாலும் உண்டு. மூளை சொல்வது, அதே சுமை இருந்தும் ஏன் நாற்பது வயதுத் தந்தையைவிடப் பதினைந்து வயது மகன் எளிதில் வழுக்குகிறான் என்பதை மட்டும்.

இனி மாவாவுக்கு வரலாம். அதில் சுண்ணாம்பு சேர்ப்பது நிறத்துக்கும் காரத்துக்கும் மட்டுமல்ல. புகையிலையில் உள்ள நிக்கொட்டின் அமில நிலையில் இருந்தால் கன்னத்தின் உட்தோலைக் கடக்கப் பின்நிற்கும். சுண்ணாம்பு அதைக் காரத்தன்மைக்கு மாற்றியதும் தோலினூடாகச் சட்டென்று இரத்தத்துக்குள் போகிறது. பாக்கிலும் சொந்தமாக ஒரு கிளர்ச்சிப் பொருள் உண்டு, அரிகோலின். வியர்வை, சூடு, கொஞ்சம் தலைச்சுற்று, பிறகு ஒரு தெளிவு. புகை இல்லை, மணத்தை மறைக்கலாம், வகுப்பில் இருந்தபடியே கன்னத்தில் ஒதுக்கலாம். சிகரட்டுக்கு இல்லாத இந்த வசதிதான் பள்ளிக்கூட வாசலில் இதற்குக் கிராக்கியைக் கொடுத்தது.

நிக்கொட்டின் மூளையில் பிடிக்கும் கொளுவிகள் வேறெதற்கோ அமைந்தவை: கவனம், விழிப்பு, புதிய இணைப்புகளைச் சீராக்குதல். பதின்ம வயதில் முன்னுதல் புறணியைக் கட்டி முடிக்கும் வேலையில் அவை பங்கெடுக்கின்றன. அந்த நேரத்தில் வெளியிலிருந்து நிக்கொட்டின் வந்தால் கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வரைபடம் மாறுகிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஜோசப் டிஃபிரான்சா 12, 13 வயது மாணவர்களைத் தொடர்ந்து பார்த்தார். நாள்தோறும் புகைப்பவன்தான் அடிமை என்று மருத்துவம் அதுவரை நம்பியிருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் எப்போதாவது ஒன்று புகைத்தவர்கள். தொடங்கிச் சில வாரங்களுக்குள், சிலரில் சில நாட்களுக்குள், இல்லாவிட்டால் எரிச்சல், விடமுடியாத அவா ஆகிய அடையாளங்கள் தெரிந்துவிட்டன. “எப்பவாவது ஒருக்கா” என்ற சொல்லில் பெற்றோர் காணும் ஆறுதலுக்கு இந்த வயதில் அதிக இடமில்லை.

மதுவில் இன்னொரு வஞ்சனை இருக்கிறது. லின்டா ஸ்பியர் என்ற ஆய்வாளர் எலிகளில் காட்டியது: வளரும் எலிக்கும் வளர்ந்த எலிக்கும் ஒரேயளவு மது கொடுத்தால், வளர்ந்தது தள்ளாடித் தூங்கிவிடும், வளரும் எலிக்குத் தள்ளாட்டமும் தூக்கமும் குறைவு, கூடிக் குலவும் உற்சாகம் கூடுதல். போதும் என்று உடல் சொல்லும் குரல் தணிந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் என்ற குரல் ஓங்கியிருக்கிறது. எல்லாரும் சரிந்த பிறகும் தான் நிலையாக நின்றதைப் பெருமையாகச் சொல்லும் பெடியன் உண்மையில் தன் எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறான். 2014இல் ஸ்டைன்பேர்க் குழுவினர் இதையும் கூட்டாளி விளைவையும் ஒன்றாக்கிச் சுண்டெலிகளில் பார்த்தார்கள். இளம் சுண்டெலிகள் தனியே இருந்ததைவிடக் கூட்டாளிகளோடு இருந்தபோது கூடுதலாக மது குடித்தன. வளர்ந்தவை அப்படிச் செய்யவில்லை. சுண்டெலிக்கு மானம், ரோசம், சினிமாக் கதாநாயகன் எதுவுமில்லை என்பதால் இந்த முடிவு யோசிக்க வைக்கிறது.

ஐஸ் எனப்படும் மெத்தாம்பெட்டமைன் வேறு மட்டத்தைச் சேர்ந்தது. பசித்த எலிக்கு ருசியான உணவு கிடைத்தால் ஆதாயப் பகுதியில் டோபமைன் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. அதே குடும்பத்து ஆம்பெட்டமைன் கொடுத்தபோது பத்து மடங்கு வரை ஏறியதை எண்பதுகளிலேயே இத்தாலிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். டோபமைனைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும் வாயிலைத் தலைகீழாக்கி, உள்ளே சேர்ந்திருந்ததை வெளியே கொட்டவைப்பதுதான் இதன் வேலை. கிடைத்த பதிலில் இருந்து வேகமாகப் பாடம் எடுக்கும் வயது அது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வண்ணத்துப்பூச்சியின் பூவைக் கற்றுக்கொண்ட அதே இயந்திரம் ஐஸையும் கற்கிறது. இந்த முறை பதில் பத்து மடங்கு பலமாக வருகிறது.

எத்தனை பேர் மாட்டிக்கொள்கிறார்கள்? அமெரிக்காவின் தேசியக் கணக்கெடுப்பை வைத்து நோரா வோல்கோவும் சகாக்களும் 2021இல் எழுதியதன்படி, கஞ்சாவை முதன்முதல் தொட்டு ஓராண்டுக்குள், 12 முதல் 17 வயதினரில் 100க்கு ஏறத்தாழ 11 பேர் பாவனைக் கோளாறு நிலைக்குப் போயிருந்தார்கள். 18 முதல் 25 வயதினரில் 6 பேர். இதை இரண்டு விதமாகவும் வாசிக்க வேண்டும். ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு. ஆனால் தொட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஓராண்டில் அந்த நிலைக்குப் போகவில்லை. ஒருமுறை தொட்டாலே வாழ்க்கை முடிந்தது என்று மேடையில் சொல்லும் பேச்சாளரை, தொட்டும் சுகமாக நிற்கும் தன் நண்பனைப் பார்த்த மாணவன் அதற்குப் பிறகு எதிலும் நம்பமாட்டான். முன்கூட்டித் தொடங்குகிறவர்களில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே வேறு துயரத்தோடு இருந்தவர்கள் என்பதும் இந்த எண்களுக்குள் கலந்திருக்கிறது.

இப்போது ஒரு பெடியனைக் கற்பனையில் வைத்துப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு. காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் காங்கேசன்துறை வீதியோரமாக ரியூசன். ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்க முக்கால் மணித்தியாலம். வீட்டுக்குப் போய்வர நேரம் போதாது. மூன்று கூட்டாளிகள், ஒரு மதில், பெரியவர் ஒருவரும் இல்லை. ஒருவன் பொலித்தீனை எடுக்கிறான். எவரும் வற்புறுத்தவில்லை, மூன்று பேர் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அவனுடைய அமைதியான அறை அறிவு அங்கே வேலைக்கு வரவில்லை. முதல் நாள் குமட்டல். மூன்றாம் நாள் அந்த முக்கால் மணித்தியாலமே இனிக்கிறது. ஒரு மாதத்தில் அந்த மதிலைக் கண்டாலே வாயூறுகிறது. இடமும் நேரமும் ஆட்களும் சேர்ந்து பாடமாகிவிட்டன. ஆண்டு முடிவில் மாவா கொடுத்த கையே ஒரு மாத்திரையை நீட்டுகிறது. வலிக்கும் நரம்பு நோய்க்கும் கொடுக்கும் பிரிகபலின் வில்லைகள் யாழ்ப்பாணத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன. எல்லாப் பெடியனும் அடுத்த படிக்குப் போவதில்லை. போகிறவனுக்கு, விற்பவனைத் தேட வேண்டிய பாடு இல்லை.

இந்தக் கதையில் தலையிடக்கூடிய இடம் எது என்று பார்த்தால், அவனுடைய அறிவல்ல. அந்த முக்கால் மணித்தியாலம்.

அமெரிக்காவில் 1983இல் லொஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய டேர் என்ற திட்டம் பொலிஸ் உத்தியோகத்தர்களை வகுப்புக்கு அனுப்பிப் போதையின் தீமையை விளக்கியது. நாடு முழுவதும் பரவியது, பெற்றோருக்கு மிகவும் பிடித்தது. மதிப்பீடு செய்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கும் இல்லாத பிள்ளைகளுக்கும் போதைப் பாவனையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதுதான். ஐஸ்லாந்து வேறு வழியால் போனது. 1998இல் அங்கே 15, 16 வயது மாணவர்களில் 42 விழுக்காட்டினர் கடந்த ஒரு மாதத்துக்குள் வெறிக்கக் குடித்திருந்தார்கள். 2016இல் 5 விழுக்காடு. நாள்தோறும் புகைப்பவர்கள் 23 விழுக்காட்டில் இருந்து 3க்கு இறங்கினார்கள். அங்கே செய்தது பிரசாரமல்ல. 13 முதல் 16 வயதினர் குளிர்காலத்தில் இரவு பத்து மணிக்குப் பிறகு தனியே வெளியில் நிற்க முடியாது என்று விதித்தார்கள். பெற்றோர் ஊரளவில் ஒன்றுகூடி ஒரே நடைமுறைக்கு உடன்பட்டார்கள். விளையாட்டுக்கும் இசைக்கும் கட்டணம் கட்டக் குடும்பங்களுக்கு உதவிப்பணம் கொடுத்தார்கள். சனத்தொகை குறைந்த, வசதியான நாடு அது. அப்படியே இங்கே தூக்கி நட முடியாது. பரபரப்பைத் தேடும் மூளைக்குத் தடையை மட்டும் கொடுக்காமல் வேறொரு பரபரப்பையும் கொடுத்தார்கள் என்ற தந்திரத்தை எடுக்கலாம்.

அதற்கான கட்டடங்கள் வலிகாமத்தில் ஏற்கெனவே நிற்கின்றன. ஊருக்கு ஊர் சனசமூக நிலையம், வாசிகசாலை, விளையாட்டுக் கழகம். பலவற்றில் பின்னேரம் பத்திரிகை வாசிக்கும் ஓய்வூதியக்காரர் மட்டும் இருக்கிறார். அங்கே யாரை வைப்பது என்பதற்கும் ஓர் ஆய்வு வழிகாட்டுகிறது. 2016இல் ஸ்டைன்பேர்க் குழு 18 முதல் 22 வயது இளைஞர்களைக் கூட்டமாக இருத்தி முடிவெடுக்கச் செய்தது. கூட்டாளிகள் மட்டும் இருந்தபோது ஆபத்து கூடியது. கூட்டத்தில் ஒருவரை மட்டும் 25 முதல் 30 வயதுக்காரராக மாற்றியதும் அந்தக் கூடுதல் மறைந்தது. தகப்பனோ அதிபரோ தேவைப்படவில்லை; கொஞ்சம் மூத்த ஓர் அண்ணா போதுமாக இருந்தார். பந்தடிக்கும் பெடியங்களோடு பல்கலைக்கழகம் முடித்த ஒருவர் மாலையில் ஒரு மணித்தியாலம் நிற்பது செலவில்லாத காரியம். ரியூசன் நடத்துபவர்கள் இடைவேளையை ஒழித்து வகுப்புகளை அடுத்தடுத்து வைப்பது அதைவிடவும் எளிது.

சட்டமும் பெருமளவு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையும் மதுவும் விற்பதைத் தடுக்கிறது. பதினெட்டில் நிறுத்தாமல் இருபத்தொன்றுக்குப் போனது மூளையின் அட்டவணையோடு பார்த்தால் நல்ல தீர்மானம். புகையிலையும் பாக்கும் கலந்து மெல்லும் பொருட்கள் 2016இல் வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்டன. ஐஸை மரண தண்டனைக்குரிய பட்டியலில் சேர்க்கும் திருத்தம் 2022இல் வந்தது. தூக்குமேடைப் பயத்தைப் பதினாறு வயதுக்காரன் மதிலடியில் நினைத்துப் பார்ப்பான் என்று எதிர்பார்க்க, மேற்சொன்ன ஆய்வுகளில் எதுவும் இடம் தரவில்லை. கடைக்காரர் நினைத்துப் பார்ப்பார். அடையாள அட்டையைக் கேட்கும் பழக்கம் அவரிடம் வந்தால் கூடுதல் பயன்.

வீட்டில் கண்டுபிடிப்பது எப்படி? மாவாவென்றால் பல்லிலும் நாக்கிலும் கறை, காற்சட்டைப் பையில் பாக்குத் தூள், நாட்போக்கில் காரம் பட்டால் வாய் எரிவது, வாயை முழுதாகத் திறக்க முடியாமல் இறுகுவது. இந்த இறுக்கம் வாய்ப் புற்றுநோயின் முன்நிலையாகலாம்; இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுவே என்பதால் வாயைக் கட்டாயம் காட்ட வேண்டும். ஐஸ் என்றால் இரவிரவாக விழிப்பு, பசியின்மை, விரிந்த கண்மணி, சட்டென்று மெலிவு, காரணமற்ற சந்தேகம். ஹெரோயினில் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். கிடைக்காத நாளில் மூக்கொழுகல், கொட்டாவி, வயிற்று நோ, உடல் உளைவு என்று தடிமன் காய்ச்சல்போலத் தோன்றி, சில மணித்தியாலம் வெளியே போய்வந்ததும் முற்றாகச் சுகமாகும். அந்தத் திடீர்ச் சுகம்தான் காட்டிக்கொடுப்பது. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது. பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரமே இயல்பாக ஒன்றிரண்டு மணித்தியாலம் பின்தள்ளிப் போகிறது. கதவைச் சாத்திக்கொள்வதும் முகம் கொடுக்காமல் பேசுவதும் வயதின் குணம். பல மாற்றங்கள் சேர்ந்து, சில வாரங்களுக்குள், காசும் காணாமல் போகத் தொடங்கினால் அது வேறு.

பிடிபட்ட பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து விலத்துவது பல இடங்களில் நடக்கிறது. மற்றப் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாக அதற்குச் சொல்லப்படும் நியாயம் விளங்குகிறது. ஆனால் விலத்தப்பட்டவனுக்கு நாள் முழுவதும் அந்த முக்கால் மணித்தியாலமாகிவிடும். அவனோடு அங்கே நிற்கப்போவது ஏற்கெனவே விலகியவர்கள். அடித்துக் கேட்டாலும் பொய்தான் வரும். காலையில், வேறு எவரும் இல்லாதபோது, என்ன எடுத்தாய், யாரோடு, எத்தனை நாளாக என்று கோபமில்லாமல் கேட்கும்போதே அவனுடைய அமைதியான அறை மூளை பதில் சொல்ல வரும்.

அதன் பிறகு மருத்துவம். மருதனார்மடத்தில் இருந்து அதே காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை. அங்கே மனநலப் பிரிவு நெடுங்காலமாக இயங்குகிறது. யாழ் போதனா வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவு உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். ஹெரோயின் விலகலுக்கு மருந்துகள் இருக்கின்றன. ஐஸுக்கு இதுவரை அங்கீகரிக்கப்பட்ட மருந்தில்லை. அதற்குப் பலன் காட்டியிருக்கும் முறைகளில் முக்கியமானது, சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரும் ஒவ்வொரு தடவையும் உடனுக்குடன் சிறு பரிசொன்றைக் கொடுப்பது. பரிசு சின்னதாக இருக்கலாம், ஆனால் அன்றைக்கே கிடைக்க வேண்டும். அடுத்த மாதம் தருகிறேன் என்று சொன்னால், நாளையை மலிவாகவும் இன்றை விலையாகவும் மதிக்கும் அந்த வயதில் அது வேலை செய்யாது. முதல் சில வாரங்களில் மீண்டும் ஒருமுறை எடுத்துவிட்டு வரும் பிள்ளைகளும் இருப்பார்கள். அதை மருத்துவர்கள் சிகிச்சை தோற்றதாக எழுதுவதில்லை, எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த வாரத்துக்கு வரச் சொல்கிறார்கள்.